அந்திமகாலச் சொற்களும் வீட்டுத் தமிழும்

(சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் விழா மேடைக்கு ஏற்றதுதானா என்று சிலர் ஐயுறக்கூடும். சாவைப் பற்றி வாய்திறந்தால் அது வீட்டுக்குள் வந்துவிடும் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். ஆனால் நான் சாவைப் பற்றிப் பேச வரவில்லை. கடும் நோயுற்ற ஒருவரிடமும் அவர் குடும்பத்தாரிடமும் வைத்தியர் பேசும் மூன்று நான்கு சொற்களைப் பற்றியே பேச வந்தேன். அச்சொற்கள் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது பொருள் மாறி, சில வேளை நேர்மாறாகவே திரும்பி நிற்கின்றன. அதனால் வீடுகளிலே மனக்கசப்பும் நோயாளருக்குத் துன்பமும் விளைகின்றன.

இது நமக்குத் தொலைவான சங்கதி அன்று. நம் பெரியம்மாமாரும் சித்தப்பாமாரும் இங்கிலாந்திலே முதுமையடைந்து வருகிறார்கள். அங்கே வைத்தியசாலையில் ஒரு பத்திரத்தை நீட்டி, “இதைப் பற்றிக் குடும்பத்தோடு பேசுங்கள்” என்று சொல்லி அனுப்புகிறார்கள். குடும்பமோ மூன்று தேசங்களிற் சிதறிக் கிடக்கிறது. அன்றிரவே தொலைபேசி இங்கே ஒலிக்கிறது. “தம்பி, நீ படிக்கிறவன். இதுக்குத் தமிழ் என்ன?” என்ற கேள்வி நம்மிடம் வருகிறது. அந்தக் கேள்விக்கு நாம் சொல்லும் விடையிலே ஒரு தாயின் கடைசி மாதங்கள் தங்கியிருக்கக்கூடும்.

நான் படித்தது ஒரு மிஷன் பாடசாலையில். அங்கே டாக்டர் கிறீன் அவர்களின் பெயரை அடிக்கடி கேட்டிருக்கிறேன். 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயிலே நம்மவர்களுக்குத் தமிழிலேயே மேனாட்டு வைத்தியம் கற்பித்து, வைத்திய நூல்களையும் தமிழில் ஆக்கியவர் அவர். எலும்புக்கும் நரம்புக்கும் தமிழிற் பெயர் தேடியவர்கள் அவரும் அவருடைய மாணாக்கரும். ஆனால் எலும்பு இங்கிலாந்திலும் எலும்புதான், இணுவிலிலும் எலும்புதான். பெயர் மாறினாலும் பொருள் மாறாது. நான் சொல்லப்போகும் சொற்கள் அப்படிப்பட்டவை அல்ல. அவை நோயாளர், வைத்தியர், குடும்பத்தார் என்னும் மூவருக்கும் இடையே அந்த நாட்டுச் சட்டம் வகுத்த ஏற்பாடுகளின் பெயர்கள். அந்த ஏற்பாடு நம் வீட்டில் இல்லாதபோது, அகராதியிற் கண்ட சொல் நம் வீட்டு ஏற்பாடு ஒன்றையே சுட்டிவிடுகிறது. தவறு அங்கேதான் பிறக்கிறது.

விளக்கத்திற்காக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். தாயாருக்கு 74 வயது. யாழ்ப்பாணத்திற் பிறந்தவர், கணவரை இழந்தவர், இலண்டனில் மூத்த மகளோடு வாழ்கிறார். மகன் ரொறன்ரோவில். இளைய மகள் இங்கே. தாயாருக்கு ஒரு முறை பாரிசவாதம் வந்து ஓரளவு தேறிவிட்டது. பேச்சுத் தெளிவு, நினைவும் தெளிவு. வலக்கை மட்டும் முன்போல் வழங்கவில்லை. இன்னொரு முறை வரலாம் என்று வைத்தியர் அஞ்சுகிறார். அதனால் முன்கூட்டியே பேச விரும்புகிறார்.

முதலாவது சொல், ‘இரகசியங் காத்தல்’. நோயாளரின் செய்தியை வைத்தியர் காப்பாற்றவேண்டும் என்னும் கடமைக்கு நம் மொழிபெயர்ப்புக்கள் பெரும்பாலும் இந்தச் சொல்லையே தருகின்றன. அகராதிப்படி பிழையில்லை. ஆயினும் நம் வீட்டிலே ‘நோயை இரகசியமாக வைத்தல்’ என்றால் என்ன பொருள்? பிள்ளைகளுக்குத் தெரியும், வைத்தியருக்குத் தெரியும், நோயாளருக்கு மட்டும் தெரியாது என்பதே பொருள். “அம்மாவுக்குச் சொல்லிப்போடாதையுங்கோ டொக்டர், அவ தாங்கமாட்டா” என்று வாசலில் நின்று மெதுவாகச் சொல்வது நம் வழக்கம். அன்பினால் வரும் வழக்கம்தான். ஆனால் இங்கிலாந்து வைத்தியர் அச்சொல்லாற் கருதுவது இதற்கு நேர்மாறு. செய்தி தாயாருக்கு உரியது. அவருடைய சம்மதம் இன்றி அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடாது என்பதே அவர் கருத்து.

இப்பொழுது நடப்பதைப் பாருங்கள். வைத்தியர், “இரகசியங் காப்பது என் கடமை” என்கிறார். மகள் மனநிறைவோடு தலையசைக்கிறாள். அம்மாவுக்குச் சொல்லமாட்டார் என்று அவள் விளங்கிக்கொள்கிறாள். மறுநாள் வைத்தியர் தாயாரிடம் நேரே எல்லாவற்றையும் சொல்கிறார். மகள் கொதித்தெழுகிறாள். ஒரே சொல்லை வைத்து இருவரும் எதிர்த்திசையில் நடந்திருக்கிறார்கள்.

ஆகவே அங்கே ஒற்றைச் சொல்லைத் தேடாமல் ஒரு வாக்கியமாகச் சொல்வதே நலம்: “அம்மாவின் நோயைப் பற்றிய செய்தி அம்மாவுடையது; யாருக்குச் சொல்லலாம் என்பதை அவவே சொல்லவேணும்.” இதில் உடைமை யாருடையது என்பது முதலிலேயே வந்துவிடுகிறது. ‘இரகசியம்’ என்ற சொல்லில் இல்லாதது அதுதான்.

இதைக் கேட்டதும் நம் குடும்பத்தார், “அப்படியானால் எங்களுக்கு இடமே இல்லையோ?” என்று மனம் நோவார்கள். இடம் உண்டு. இரண்டு வழிகளை எடுத்துச் சொல்லலாம். ஒன்று, குடும்பத்தார் சொல்வதை வைத்தியர் கேட்பது இந்தக் கடமைக்கு மாறானது அன்று. “அம்மா இரவிலே நித்திரை கொள்ளுறதில்லை, பயப்படுறா” என்று மகள் தெரிவிக்கலாம், வைத்தியர் கேட்கலாம். அவர் திருப்பிச் சொல்வதற்குத்தான் சம்மதம் வேண்டும். மற்றது, தாயாரே விரும்பினால், “எனக்கு விபரம் எல்லாம் வேண்டாம், மூத்தவளுக்குச் சொல்லுங்கோ” என்று கூறலாம். அதுவும் அவருடைய உரிமையே. எவ்வளவு அறியவேண்டும் என்பதைத் தாயாரிடம் முதலிலே கேட்டுவிட்டால், நம் வழக்கமும் அவர்கள் சட்டமும் பெரும்பாலும் முட்டிக்கொள்ள நேராது. மூடிமறைப்பதற்கும் விருப்பத்தோடு ஒப்படைப்பதற்கும் உள்ள வேறுபாடு, நோயாளரிடம் ஒரு முறை கேட்டோமா இல்லையா என்பதில் இருக்கிறது.

இனி இரண்டாவது சொல்லுக்கு வருவோம். பின்னொரு காலத்தில் தான் பேசமுடியாத நிலை வந்தால் என்ன வைத்தியம் வேண்டும், என்ன வேண்டாம் என்று ஒருவர் இப்போதே சொல்லிவைப்பதை மொழிபெயர்ப்பவர்கள் ‘முன்கூட்டிய பணிப்புரை’ என்கிறார்கள். சிலர் ‘வாழும் உயில்’ என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் நம் வீடுகளில் இடறுகின்றன.

‘பணிப்புரை’ என்றால் நாம் என்ன நினைக்கிறோம்? வைத்தியசாலையிலே பணிப்புரை கொடுப்பவர் வைத்தியர். மருந்தைச் சாப்பாட்டுக்கு முன் எடு, உப்பைக் குறை என்பன பணிப்புரைகள். எனவே தாயார் அச்சொல்லைக் கேட்டால், வைத்தியர் தமக்கு ஏதோ எழுதித்தரப்போகிறார் என்றே காத்திருப்பார். இங்கே சொல்பவர் அவர், கேட்கவேண்டியவர் வைத்தியர் என்பது அச்சொல்லில் ஒளிந்துவிடுகிறது.

‘உயில்’ என்பதோ இன்னும் இடர் தருவது. அது நம் ஊரில் மரண சாதனம். மரண சாதனம் என்றதும் காணியும் வீடும் நகையும் கண்முன் வந்து நிற்கும். “என்ரை சீவன் போக முன்னமே பங்கு கேக்கினம்” என்று தாயார் நினைத்துவிட்டால், பின்பு எந்த விளக்கமும் காதில் ஏறாது. உண்மையில் இவ்விரண்டும் தொடங்கும் இடமும் முடியும் இடமும் வேறு. மரண சாதனம் உயிர் போனபின் தொடங்குகிறது. இந்தப் பத்திரமோ உயிர் இருக்கும்போதே பயன்பட்டு, உயிர் போனதும் முடிந்துபோகிறது. அதில் ஒரு பரப்புக் காணிக்கும் இடமில்லை.

இங்கிலாந்துச் சட்டத்தைப் பார்த்தால் நமக்கு ஒரு வழி கிடைக்கிறது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் 2005ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மன ஆற்றல் சட்டம் இதை இரண்டு வகையாக நடத்துகிறது. “இந்தச் சிகிச்சை எனக்கு வேண்டாம்” என்று முன்கூட்டியே மறுப்பது ஒரு வகை. முறைப்படி செய்யப்பட்டு, வந்த நிலைமைக்கும் பொருந்தினால் அது வைத்தியரைக் கட்டுப்படுத்தும். “எனக்கு இன்னது விருப்பம், இன்னது பிடிக்காது” என்று எழுதிவைப்பது மற்றொரு வகை. அது கட்டுப்படுத்தாது. ஆனால் முடிவு எடுப்போர் அதைக் கருத்திற் கொள்ளவேண்டும். மறுக்கலாம், ஆனால் ஒரு சிகிச்சையைத் தந்தே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்த இயலாது.

எனவே ஒரே சொல்லை இரண்டாகப் பிரித்துவிடுவோம் என்பது என் யோசனை. முதலாவதை ‘முன்மறுப்பு’ என்போம். இரண்டாவதை ‘முன்விருப்பம்’ என்போம். இவை எவருக்கும் விளக்கம் வேண்டாத சொற்கள். யார் மறுக்கிறார், யார் விரும்புகிறார் என்ற ஐயத்துக்கும் இடமில்லை. தாயார் தம் வாயாலேயே, “இது என்ரை முன்மறுப்பு” என்று சொல்லிவிடலாம்.

இப்பொழுது நம் உதாரணத் தாயாரிடம் போவோம். அவர் சொல்வது ஒரே வாக்கியம்: “என்னை மெஷினிலை கட்டி வைச்சிருக்காதையுங்கோ.” அவர் மனம் நமக்கு விளங்குகிறது. ஆனால் நள்ளிரவிலே அவசர சிகிச்சைப் பிரிவில் அவரை முன்பின் அறியாத ஒரு வைத்தியர் இதை வைத்துக்கொண்டு எதையும் செய்ய இயலாது. மெஷின் என்றால் எது? மூச்சு விடுவிக்கும் கருவியா, சிறுநீரகத்துக்கு இரத்தம் சுத்திகரிக்கும் கருவியா, இருதயத் துடிப்பைக் காட்டும் பெட்டியா? எப்போது வேண்டாம்? நியுமோனியா வந்து நான்கு நாள் மூச்சுக் கருவி வைத்தால் எழுந்து வீட்டுக்குப் போகலாம் என்ற நிலையிலும் வேண்டாமா?

முன்மறுப்பிலே எந்தச் சிகிச்சை, எந்த நிலைமையில் என்பவை தெளிவாக இருக்கவேண்டும். ஆயினும் அச்சட்டத்திலே ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. வைத்திய பாஷை வேண்டியதில்லை, சாதாரண மனிதர் பேசும் மொழியிற் சொன்னாலும் போதும் என்று அதிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதனால் நம் வேலை கடினமான கலைச்சொற்களைப் படைப்பது அன்று. தாயாரின் வாக்கியத்தைக் கேள்வி கேட்டு விரித்தெடுப்பதே.

மூத்த மகள் கேட்கிறாள்: “அம்மா, எந்த நிலை வந்தால் வேண்டாம் எண்டு நினைக்கிறியள்?” தாயார் சற்று யோசித்து, “உங்களை ஆர் எண்டு தெரியாமல், வாயும் திறக்கேலாமல், இனித் தேறாது எண்டு டொக்டர்மார் சொன்னால்” என்கிறார். இதோ நிலைமை கிடைத்துவிட்டது. “அப்ப எது வேண்டாம்?” என்று தொடர்ந்து கேட்டால், நெஞ்சை அமுக்கி இருதயத்தை ஓட்டப் பார்ப்பது வேண்டாம், தொண்டைக்குள் குழாய் விட்டு மூச்சுக் கருவி பூட்டுவது வேண்டாம் என்கிறார். இவையே சிகிச்சைகள்.

மூன்றாவதாக வரும் கேள்வி வீட்டைப் பிளக்கக்கூடியது. மூக்கு வழியாகவோ வயிற்றுவழியாகவோ குழாயிற் செலுத்தும் ஊட்டம் வேண்டுமா? இதை “சாப்பாட்டை நிறுத்தச் சம்மதமா?” என்று மொழிபெயர்த்தால், எந்தத் தமிழ்ப் பிள்ளையும் சம்மதிக்கமாட்டான். பெற்ற தாயைப் பட்டினி போடுவதா என்று ரொறன்ரோவிலுள்ள மகன் தொலைபேசியிலே அழுவான். இங்கிலாந்துச் சட்டத்தின்படி குழாய்வழி ஊட்டம் வைத்திய சிகிச்சையாகக் கொள்ளப்படுகிறது. 1993ஆம் ஆண்டு அந்நாட்டின் உயர்ந்த மன்று அவ்வாறு தீர்ப்பளித்தது. வாயால் உண்ணவும் குடிக்கவும் கொடுப்பது வேறு. அது அடிப்படைப் பராமரிப்பு. அதையும், உடலைச் சுத்தமாக வைத்திருப்பதையும், குளிராமற் போர்த்துவதையும் முன்மறுப்பினால் யாரும் விலக்க இயலாது. ஆகவே ‘சாப்பாடு’ என்ற சொல்லை இங்கே வாயெடுக்கவே கூடாது. “குழாயால் ஏத்துற திரவ ஊட்டம்” என்றே சொல்லவேண்டும். அடுத்த மூச்சிலேயே, “வாயாலை குடிக்கக்கூடியதைக் கடைசிவரையும் பருக்குவினம்” என்றும் சேர்த்துச் சொல்லவேண்டும். அப்போதுதான் மகன் தெளிவான கேள்விக்குத் தெளிவாக விடை சொல்வான்.

இன்னும் ஒரு வாக்கியம் எஞ்சியிருக்கிறது. உயிரைக் காக்கும் சிகிச்சையை மறுப்பதானால் அது எழுத்தில் இருக்கவேண்டும். கையெழுத்து வேண்டும், ஒரு சாட்சியின் முன்னிலையில் அது இடப்பட்டுச் சாட்சியும் ஒப்பமிடவேண்டும். அத்தோடு, உயிருக்கு ஆபத்து இருந்தாலும் இந்த மறுப்புப் பொருந்தும் என்ற வாசகமும் அதிலே இருக்கவேண்டும். அந்த வாசகம் இல்லாவிட்டால் ஏனையவை எத்தனை சரியாக இருந்தாலும் அத்தகைய மறுப்புச் செல்லாது. நம் தாயாரின் வலக்கை வழங்காததால், அவர் சொல்ல அவர் முன்னிலையிலேயே வேறொருவர் கையெழுத்திடவும் சட்டம் இடம் தருகிறது.

இந்த வாசகத்தை எப்படித் தமிழாக்குவது? “உயிர் போனாலும் சரி” என்று எழுதத் தோன்றும். ஆனால் நம் பேச்சிலே அது கோபத்திற் சொல்லும் சபதம். மாமியாரோடு பிணங்கிய மருமகள், “உயிர் போனாலும் அந்த வாசல் மிதியன்” என்பாள். அவள் உயிரைப் பற்றி எண்ணிப் பேசவில்லை. தாயாரும் அவ்வாறே விளங்கினால், தாம் எதை ஒப்புக்கொண்டோம் என்பதை அறியாமலே ஒப்பமிட்டவராவார். நான் எழுதினால் இவ்வாறு எழுதுவேன்: “இந்தச் சிகிச்சைகளைச் செய்யாமல் விட்டால் என் உயிர் ஆபத்துக்குள்ளாகும், நான் இறக்கவும் கூடும் என்பதை அறிந்துகொண்டே, அவற்றை வேண்டாம் என்கிறேன்.” நீளமானதுதான். ஆயினும் ‘அறிந்துகொண்டே’ என்ற சொல் அதில் இருக்கிறது. வைத்தியர் தேடுவதும் அந்த அறிதலையே. தமிழில் எழுதியதற்கு நேரான ஆங்கிலப் பிரதியும் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. நள்ளிரவு வைத்தியருக்குத் தமிழ் தெரியாது.

மனம் மாறினால் என்ன என்று தாயார் கேட்பார். தீர்மானிக்கும் ஆற்றல் உள்ளவரை எப்போதும் மாற்றலாம், வாயாற் சொல்லியே கைவிடலாம். இதைச் சொன்னபின் பல முதியவர்களுக்குப் பாதி அச்சம் தீர்ந்துவிடும்.

‘தீர்மானிக்கும் ஆற்றல்’ என்றேன். இதைச் ‘சுயநினைவு’ என்று சிலர் மொழிபெயர்க்கிறார்கள். அது போதாது. ஒருவர் கண்விழித்து, பிள்ளைகளின் பெயர் சொல்லிக்கொண்டிருக்கலாம். ஆயினும் ஒரு சிகிச்சையின் நன்மை தீமைகளை விளங்கி, சற்றுநேரம் மனத்தில் வைத்து, நிறுத்துப் பார்த்து, முடிவை வெளியிட இயலாதவராக இருக்கலாம். மறுபுறம், ‘புத்தி சரியில்லை’ என்று சொன்னால் குடும்பமே அவமானப்படும். காலையில் இயலாதது மாலையில் இயலலாம். ஒரு காரியத்தில் இயலாதவர் இன்னொரு காரியத்தில் இயன்றவராக இருக்கலாம். ஆகவே ‘ஆற்றல்’ என்ற மென்மையான சொல்லே பொருந்தும்.

மூன்றாவது, ‘தத்துவம்’. வேதாந்த தத்துவத்தைச் சொல்லவில்லை. நொத்தாரிசு எழுதும் அற்றோணித் தத்துவத்தைச் சொல்கிறேன். வெளிநாட்டிலிருப்பவர் இங்கேயுள்ள காணியை விற்கத் தம்பிக்குத் தத்துவம் கொடுப்பது நமக்குப் பழகிய காரியம். இங்கிலாந்திலே தன் சார்பில் வைத்திய முடிவு எடுக்க ஒருவரை நியமிக்கும் பத்திரமும் இதே பெயரில் வருகிறது. கேட்டவுடன் தாயார், “எந்தக் காணிக்கு?” என்பார். அது சொத்துக்கான பத்திரம் அன்று, சொத்துக்கு வேறு பத்திரம் உண்டு. காணித் தத்துவம் நாம் சுகமாய் இருக்கும்போதே மற்றவர் நமக்காக நடக்க இடங்கொடுக்கிறது. வைத்தியத் தத்துவமோ நம் ஆற்றல் போன பின்பே உயிர்பெறும். ஆனால் ஆற்றல் இருக்கும்போதே எழுதி, அரசின் பொதுப் பாதுகாவலர் அலுவலகத்திற் பதிந்திருக்கவும் வேண்டும். காத்திருந்து காத்திருந்து, ஆற்றல் போனபின் எழுதப் புறப்பட்டால் அந்த வாசல் மூடப்பட்டிருக்கும். உயிர்காக்கும் சிகிச்சை பற்றிய அதிகாரம் வேண்டுமானால் அதைப் பத்திரத்திலே தனியாகத் தெரிவித்திருக்கவும் வேண்டும். இதை ‘வைத்தியப் பொறுப்பாளர் நியமனம்’ என்று சொன்னால் காணி நினைவு வராது.

முன்மறுப்பும் இல்லை, பொறுப்பாளரும் இல்லை என்றால்? இங்கேதான் நம் ஆண்மக்கள் திகைக்கிறார்கள். மூத்த மகன் என்பதனாலே முடிவு தன் கையில் என்று ரொறன்ரோ மகன் நம்பியிருக்கிறான். வைத்தியசாலைப் பதிவில் ‘நெருங்கிய உறவினர்’ என்ற கட்டத்தில் அவன் பெயர் இருக்கலாம். இங்கிலாந்துச் சட்டத்தில் அந்தக் கட்டம் அவனுக்கு முடிவெடுக்கும் உரிமையைத் தரவில்லை. நோயாளரின் நலனைக் கருதி வைத்தியர்களே முடிவெடுப்பார்கள். குடும்பத்தாரிடம் கேட்டறியவேண்டியது அவர்கள் கடமை. ஆனால் அவர்கள் கேட்பது, “நீங்கள் என்ன விரும்புகிறீர்கள்?” என்பது அன்று. “இந்த நிலையில் அம்மா என்ன சொல்லியிருப்பா?” என்பதே கேள்வி. மொழிபெயர்க்கும்போது இந்த வேற்றுமையைத் தவறவிட்டால், மகன், “எல்லாஞ் செய்யுங்கோ” என்று மட்டும் சொல்வான். வேறு என்ன சொன்னாலும் தாயைக் கைவிட்டவன் ஆகிவிடுவான் அல்லவா? “அம்மா என்ன சொல்லியிருப்பா?” என்று கேட்டால் அவன் தோளிலிருந்து ஒரு பெரும் பாரம் இறங்குகிறது. அவன் முடிவு சொல்லவேண்டியதில்லை. தாயாரை நினைவுகூர்ந்தாற் போதும்.

‘கைவிடுதல்’ என்றேன். “டொக்டர் கைவிட்டிட்டார்” என்பது நம் ஊரிலே எல்லாம் முடிந்தது என்பதற்குச் சொல்லும் வார்த்தை. சிகிச்சையை நிறுத்துவதை இச்சொல்லால் ஒருபோதும் மொழிபெயர்க்கலாகாது. நிறுத்தப்படுவது ஒரு கருவி. நோயாளரை ஒருவரும் விட்டுப்போவதில்லை. “இந்தக் கருவியை நிப்பாட்டினாலும், நோகாமல் மருந்து தந்து பக்கத்திலை இருந்து பாப்பினம்” என்று இரண்டையும் ஒருசேரச் சொல்லவேண்டும்.

ஒரு எல்லையையும் குறிப்பிடவேண்டும. நான் விவரித்தது இங்கிலாந்து, வேல்ஸ் ஆகிய இடங்களின் சட்டம். இந்தியாவிலே உயர் நீதிமன்றங்களுக்கெல்லாம் மேலான உச்ச நீதிமன்று 2018ஆம் ஆண்டில் இத்தகைய பத்திரத்தை ஏற்றுக்கொண்டு, 2023இல் அதன் நடைமுறைகளை இலகுவாக்கியது. அங்கே இரண்டு சாட்சிகளும், நொத்தாரிசு அல்லது அதற்குரிய அரச அலுவலர் ஒருவரின் உறுதிப்படுத்தலும் வேண்டும். நம் நாட்டில் இதற்கெனத் தனிச்சட்டம் இல்லை. ஆதலால் இலண்டனிலிருந்து வந்த பத்திரத்தைப் பார்த்து எழுதி இங்கே பெட்டிக்குள் வைத்தால் அதே பலன் கிடைக்கும் என்று எண்ணவேண்டாம். ஆனால் முன்விருப்பத்தைக் குடும்பத்துக்குச் சொல்லிவைப்பதற்கு எந்தச் சட்டமும் வேண்டியதில்லை.

முடிவாக, நாம் சொன்ன தமிழ் சரியாகப் போய்ச்சேர்ந்ததா என்று அறிவது எப்படி? “விளங்கிச்சுதோ?” என்று கேட்பதாற் பயனில்லை. நம் பெரியவர்கள் மரியாதைக்காக “ஓம்” என்பார்கள். “அம்மா, நான் சொன்னதை உங்கடை வாயாலை தம்பிக்குச் சொல்லுங்கோ பாப்பம்” என்று கேட்கவேண்டும். அவர் காணியைப் பற்றிப் பேசத் தொடங்கினால், மரண சாதனம் என்று விளங்கியிருக்கிறார். “டொக்டருக்குத் தெரியாததோ” என்றால், பணிப்புரை வைத்தியருடையது என்று விளங்கியிருக்கிறார். “என்னை விட்டிட்டுப் போகப் போறியளோ” என்றால், கைவிடுவதாக விளங்கியிருக்கிறார். ஒவ்வொரு விடையும் எந்தச் சொல் பிழைத்தது என்பதைக் காட்டிவிடும். அந்தச் சொல்லை மட்டும் மாற்றி மறுபடி சொல்லலாம்.

கூடியவரை, வைத்தியசாலை தரும் மொழிபெயர்ப்பாளரைக் கொண்டே வைத்தியரோடு பேசவேண்டும். பெற்ற பிள்ளை மொழிபெயர்த்தால் ‘புற்றுநோய்’ என்பது ‘ஒரு சின்னக் கட்டி’ ஆகிவிடும். அது பொய் சொல்லும் எண்ணத்தால் அன்று, நா எழாததால். பிள்ளையின் இடம் மொழிபெயர்ப்பாளரின் நாற்காலி அன்று. தாயாரின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பதே அவனுக்குரிய இடம். அவர் பேசி முடித்த பின், வீட்டிலே ஆறுதலாக, நம் ஊர்த் தமிழில், அவர் சொன்னதை ஒரு தாளில் எழுதி, அதை அவருக்கே வாசித்துக் காட்டுவது நம்மால் ஆகக்கூடியது.